போர்ட்ரெய்ட்டில் சேர்த்த துப்பட்டா ஸ்டிக்கர் ஒட்டினமாதிரி நிற்கிறது, எங்கே தப்பு?

ரங்கூன் ஸ்டூடியோ:
வணக்கம். எங்கள் சின்ன ஸ்டூடியோவுக்கு ஒரு பெண்ணின் படம் வந்திருக்கிறது. தோழி கல்யாணத்தில் எடுத்தது, இடுப்புக்கு மேல். முகம் அருமையாக விழுந்திருக்கிறது, ஆனால் சட்டையின் கழுத்து கொஞ்சம் இறக்கம். மாமியார் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். கழுத்தை இரண்டு விரல் உயர்த்துங்கள், அல்லது மெரூன் துப்பட்டா போடுங்கள் என்று அவரே கேட்டார். இப்போது மலேசியாவில் வேலையில் இருக்கிறார், திரும்ப எடுக்க வழியில்லை.

துணிக்கடை விளம்பரப் படம் ஒன்றிலிருந்து துப்பட்டாவை வெட்டி, போட்டோஷாப்பில் Warp போட்டுத் தோளில் பொருத்தினேன். ஓரம் சுத்தமாகத்தான் வெட்டியிருக்கிறேன். ஆனாலும் அட்டையில் வெட்டி ஒட்டினமாதிரி இருக்கிறது. மூன்று நாளாகப் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துவிட்டது.

கடைத்தெரு தையல்:
தம்பி, கழுத்து இறக்கமாக இருந்தால் அதே துணியில் ஒரு பட்டி வைத்துத் தைத்துவிடலாமே. மீதித் துணி இருக்கிறதா?

ரங்கூன் ஸ்டூடியோ:
அக்கா, சட்டை கையில் இல்லை, படம் மட்டும்தான். கம்ப்யூட்டரில் செய்கிற வேலை.

கடைத்தெரு தையல்:
ஓ, சரி சரி. நான் வேறுமாதிரி படித்துவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், உன் துப்பட்டாவை எங்கே பின் குத்தியிருக்கிறாய்? இரண்டு தோளிலும் குத்தினால் நடுவில் ஊஞ்சல் கயிறுமாதிரி தொங்கும். ஒரு தோளில் மட்டும் குத்தினால் மடிப்பெல்லாம் அந்தப் பின்னிலிருந்து விசிறிமாதிரி விரியும். இரண்டும் கலந்து வராது. பின்னால் போகிற நுனியின் எடையும் துணியை இழுக்கும்.

புது எடிட்டர்:
அண்ணே, நிழல் இல்லாததுதான் காரணம். Drop Shadow போடுங்கள், உடனே சரியாகிவிடும். நான் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுவேன்.

பழைய பிலிம்:
நிழல் வேண்டும் என்பது சரி. ஆனால் Drop Shadow ஓரம் முழுவதும் ஒரே அளவில் நிழல் போடும். ஒரே அகலத்தில் நிழல் விழுந்தால் துணி எல்லா இடத்திலும் உடம்பிலிருந்து ஒரே உயரத்தில் மிதப்பதாகத்தான் கண் எடுத்துக்கொள்ளும். காகிதம் ஒட்டினமாதிரி தெரிவது அதனால்தான்.

தம்பி, அந்த நிழலுக்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். மூலப் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம்?

ரங்கூன் ஸ்டூடியோ:
இடப்பக்க ஜன்னல். மூக்கு நிழல் வலக் கன்னத்தில் விழுகிறது. ஃபிளாஷ் இல்லை, அன்றைக்குக் கரண்டும் இல்லையாம்.

பழைய பிலிம்:
அப்படியானால் அந்த விளம்பரப் படத்தைத் தூக்கிப் போடுங்கள். கடைப்படங்களில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் விளக்கு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் இரண்டு ஓரமும் கறுத்து, நடு மட்டும் வெளுத்திருக்கும். உங்களுக்கு வேண்டியது இடப்பக்கம் வெளுத்து வலப்பக்கம் கறுத்த மடிப்பு. திருப்பிப் போட்டாலும் அது கிடைக்காது. Curves வைத்துச் சமாளிக்கலாம் என்று நானும் ஒரு காலத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன், வீண்.

ஒரு மெரூன் துப்பட்டாவை நீங்களே எடுங்கள். அதே உடல்வாகுள்ள ஒருவருக்கு அதே நிறச் சட்டையைப் போட்டு, இடப்பக்கம் ஜன்னல் வரும்படி, உடம்பையும் அதே கோணத்தில் திருப்பி நிறுத்துங்கள். கேமரா உயரமும் தூரமும் மூலப் படத்தோடு ஒத்துப்போக வேண்டும். லென்ஸ் அளவு ஃபைலில் இருக்கும், தூரத்தை ஊகித்துக்கொள்ளுங்கள். கிட்டப் போய் எடுத்தால் முன்பக்கத் தோள் பெருத்துவிடும், பிறகு சுருக்கினாலும் ஒட்டாது. மேசையிலோ ஹேங்கரிலோ போட்டு எடுக்காதீர்கள். கழுத்துக் குழியும் தோள் எலும்பும் தாங்கும்போது துணி எப்படி விழும் என்பதுதான் நமக்கு வேண்டியது, அதை மேசை சொல்லாது.

மோல்மேன் பேரன்:
இடையில் கேட்கிறேன், மன்னியுங்கள். எங்கள் பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் ஸ்கேன் செய்தது. முந்தானை பாதி கறை பிடித்துப் போய்விட்டது. இதே வழி அதற்கும் ஆகுமா?

பழைய பிலிம்:
துணி எடுக்கிற முறை ஆகும். ஆனால் பழைய படத்தின் மணல்மணலான தன்மையைப் புதுத் துணிக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். படத்தைப் பார்க்காமல் அதற்குமேல் சொல்வது கஷ்டம். தனிப் பதிவாகப் போடுங்கள்.

ரங்கூன் ஸ்டூடியோ:
ஐந்து நாளாகிவிட்டது, மன்னிக்கவும். என் மைத்துனியை நிறுத்தி எடுத்தேன். தையல் அக்கா சொன்னதுபோல இரண்டு தோளிலும் பின். 41 படம் எடுத்ததில் ஒன்று ஒத்து வந்தது. பாதிக்குமேல் சரியாகிவிட்டது! இன்னும் இரண்டு குறை. கழுத்துப் பக்கத்து ஓரம் மிதக்கிறது. அப்புறம் வலத் தோளில் முன்னால் விழுந்த கூந்தல் துணிக்குள் போய்விட்டது.

பழைய பிலிம்:
ஓர நிழலை இரண்டு லேயராக Multiply-இல் வரையுங்கள். படம் 2400 பிக்சல் அகலம் என்றால், முதல் லேயரில் ஓரத்தை ஒட்டி மூன்று நான்கு பிக்சலுக்கு அழுத்தமான கோடு. இரண்டாவதில் இருபத்தைந்து பிக்சல்போல அகலமாக, மிக மெல்லியதாக. தோள் மேடும் கழுத்தெலும்பும் துணியைத் தொடுகிற இடத்தில் முதல் நிழல் மட்டும் போதும். கழுத்துக் குழியில் துணி தூக்கி நிற்கும், அங்கே இரண்டாவது நிழல் வலப்பக்கம் கீழே சாய்ந்து விழ வேண்டும். கறுப்பு வேண்டாம், தாடைக்குக் கீழே இருக்கிற தோல் நிழலிலிருந்து நிறம் எடுங்கள்.

புது எடிட்டர் தம்பியின் Drop Shadow-ஐயும் பயன்படுத்தலாம். fx மேல் வலது கிளிக் செய்து Create Layer கொடுத்தால் நிழல் தனி லேயராகப் பிரிந்துவிடும், வேண்டாத இடத்தை மாஸ்கில் அழிக்கலாம்.

கூந்தலை முடி முடியாக வெட்டாதீர்கள். மூலப் படத்தின் நகல் ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, Darken கொடுத்து, கூந்தல் இருக்கிற இடத்தை மட்டும் மாஸ்கில் திறங்கள். துணி, தோலைவிடக் கறுப்பாகவும் முடியைவிட வெளுப்பாகவும் இருந்தால்தான் இது நடக்கும். மெரூன் என்பதால் தப்பித்தீர்கள். வெள்ளைத் துப்பட்டாவாக இருந்தால் அடியில் இருக்கிற தோலும் சட்டையும் சேர்ந்து மேலே வந்துவிடும்.

ரங்கூன் ஸ்டூடியோ:
கூந்தல் ஒரே நிமிடத்தில் வந்துவிட்டது அண்ணே! கழுத்தும் உட்கார்ந்துவிட்டது. ஆனால் சிறிதாக்கிப் பார்த்தால் வலத் தோளில் ஏதோ இடிக்கிறது.

பழைய பிலிம்:
தோளின் வெளிக்கோட்டைப் பாருங்கள். துணி போட்டால் தோள் கொஞ்சம் தடிக்கும். பழைய சட்டைக் கோட்டிலேயே துணியும் முடிந்தால் பெயிண்ட் அடித்தமாதிரி இருக்கும். துணியைச் சில பிக்சல் வெளியே தள்ளி, பின்பக்கம் திரும்புகிற ஓரத்தைக் கறுக்க விடுங்கள். மேலே ஒரு Black & White லேயர் போட்டுப் பார்த்தால் வெளிச்சப் பொருத்தம் தெரியும், நிறம் கண்ணை ஏமாற்றாது.

புது எடிட்டர்:
இவ்வளவுக்குப் பதில் கழுத்தையே உயர்த்தியிருக்கலாமே?

பழைய பிலிம்:
சட்டை வெறும் துணியாக இருந்தால் உயர்த்தலாம். எம்பிராய்டரி ஓரம் இருந்தால் வளைவை மேலே தூக்கும்போது பூவெல்லாம் நசுங்கும். அந்தச் சட்டை எப்படி?

ரங்கூன் ஸ்டூடியோ:
ஜரிகை ஓரம் அண்ணே. அதனால்தான் அதைத் தொடவில்லை. இப்போது இன்னொரு தலைவலி. துப்பட்டா ஷிஃபான், அடியில் அந்த ஜரிகை லேசாகத் தெரிய வேண்டுமா, மறைத்துவிடலாமா? தெரிந்தால் துணி நிஜமாக இருக்கிறது, ஆனால் இறக்கமும் கொஞ்சம் தெரிகிறது.

கடைத்தெரு தையல்:
ஷிஃபானை அங்கே இரண்டு மடிப்பாகப் போட்டால் மறைந்துவிடும். நிஜத்திலும் பெண்கள் அப்படித்தான் போடுவார்கள்.

பழைய பிலிம்:
எனக்கு லேசாகத் தெரிவதுதான் பிடிக்கும். மறைப்பதாக இருந்தால், ஒபாசிட்டியை ஏற்றாமல் மடித்தே இன்னொரு படம் எடுங்கள்.

ரங்கூன் ஸ்டூடியோ:
இரண்டு மாதிரியும் செய்து மலேசியாவுக்கு அனுப்புகிறேன், அவரே சொல்லட்டும். மைத்துனிதான் திரும்ப நிற்கமாட்டேன் என்கிறாள்.