குளிர்ப் பிரதேசத்தில் முகங்கழுவி: நுரை வேண்டுமா, கிரீம் வேண்டுமா?

நுவரெலியா வாசகி:

சில மாதங்களாக முகம் கழுவிய கையோடு கன்னங்கள் இறுகிப் போகின்றன; சிரிக்கும்போது தோல் இழுபடுவதை உணர முடிகிறது. மூக்கின் இரு பக்கங்களிலும் மெல்லிய செதில் உதிர்கிறது, ஆனால் நெற்றியில் மதியத்துக்குள் எண்ணெய் வந்துவிடுகிறது. நான் பயன்படுத்துவது ட்யூபில் வரும் வெண்ணிறக் கிரீம். தொட்டால் மிருதுவாக இருக்கும், தண்ணீர் பட்டதும் கெட்டியான வெள்ளை நுரை எழும். கிரீம் என்றால் வறண்ட தோலுக்கு ஏற்றது என்று பார்மசியில் சொன்னார்கள். தை, மாசி மாதங்களின் காலைக் குளிரில் சுடுதண்ணீர் இல்லாமல் முகம் கழுவ முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே அனுபவம் வேறு யாருக்கேனும் உண்டா? எவ்வளவு நேரம் கழுவுவது சரி?

ஹட்டன் வாசி:

காரணம் நுரைதான், தங்கச்சி. நுரைப்பது எதுவாயினும் தோலின் எண்ணெயைச் சுரண்டி எடுத்துவிடும். நான் நுரையே வராத முகங்கழுவிக்கு மாறிய பிறகு குளிர்காலத்தில் கன்னம் வெடிப்பது நின்றுவிட்டது. போத்தலில் அமில, கார அளவைக் காட்டும் பிஎச் 5.5 என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

பண்டாரவளை ஆசிரியை:

அண்ணன் சொல்வதில் பாதி சரி. நுரை வருவதையும் தோல் வறள்வதையும் ஒன்றாக்கிவிட முடியாது. எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் உயர்தர மாணவிகளுடன் சில முகங்கழுவிகளைச் சோதித்துப் பார்த்தோம். அவற்றுள் ஒன்று தங்கை சொல்வது போன்ற வெண்ணிறக் கிரீம் ட்யூப் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ட்யூபின் பின்பக்கத்தைப் படித்தோம். தண்ணீருக்கு அடுத்தபடியாக மிரிஸ்டிக் அசிட், ஸ்டியரிக் அசிட், லோரிக் அசிட் ஆகிய கொழுப்பமிலங்களும், சற்றுக் கீழே பொட்டாசியம் ஹைட்ரொக்சைடும் இருந்தன. கொழுப்பமிலமும் காரமும் சேர்ந்தால் கிடைப்பது சவர்க்காரம். ஆகவே கிரீம் போலத் தெரிந்தாலும் அந்த ட்யூபுக்குள் இருந்தது குழைத்த சவர்க்காரமே. சவர்க்காரத்தின் பிஎச் பொதுவாக 9 முதல் 10 வரை இருக்கும். தோலின் மேற்பரப்போ 5 அளவில் இலேசான அமிலத்தன்மை உடையது. சவர்க்காரத்தை 5.5 வரை இறக்க நினைத்தால் அது உடைந்து மீண்டும் கொழுப்பமிலமாகிவிடும். எனவே மேற்சொன்ன அமிலங்களும் அந்தக் காரமும் பட்டியலின் முற்பகுதியில் சேர்ந்து வந்தால், முன்பக்கத்தில் எவ்வளவு மென்மையான சொற்கள் இருந்தாலும் பிஎச் உயர்வாகவே இருக்கும். பட்டியலின் கடைசியில் மட்டும் காரத்தின் பெயர் வந்தால் பயம் வேண்டாம். பிஎச்சைத் திருத்துவதற்காக ஒரு துளி சேர்த்திருப்பார்கள்.

பிறகு சோதனைத் தாளால் உறுதி செய்தோம். ஒரு பங்கு முகங்கழுவிக்கு ஏறக்குறைய ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, நுரை எழாமல் மெதுவாகக் கலக்கி, தாளை நனைத்து, அட்டையிலுள்ள நிறத்தோடு உடனே ஒப்பிட வேண்டும். காய்ச்சி வடித்த நீருக்கு வாகன பட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும். குழாய்த் தண்ணீரைச் சேர்த்தால், மென்மையான முகங்கழுவிகளின் அளவு சற்று மாறிக் காட்டக்கூடும். அந்த ட்யூப் 9க்கும் 10க்கும் இடைப்பட்ட நிறத்தைக் காட்டியது. நன்றாக நுரைக்கும் ஒரு தெளிவான ஜெல் 5க்கும் 6க்கும் இடையில் நின்றது. நுரைக்காத கிரீம் ஒன்று ஏறத்தாழ 6. அதிகம் நுரைத்தவை இரண்டு, ஆனால் இரண்டின் பிஎச்சும் வெவ்வேறு. எண்ணெய் மிகுந்த கிரீமில் தாளின் நிறம் திட்டுத் திட்டாக வரும் என்பதால், அந்த அளவை நான் அதிகம் நம்புவதில்லை.

அதே நேரம் 5.5 என்ற எண்ணை மட்டும் நம்புவதும் சரியல்ல. சோடியம் லோரில் சல்பேட் என்ற நுரைக்கும் பொருள் முதன்மையாக உள்ள ஜெல்லை எந்த பிஎச்சில் வைத்தாலும் அது தோலின் புரதத்தோடு ஒட்டி வறட்சியைத் தரலாம். அதற்குப் பதிலாக கோகமிடோபுரொப்பில் பீட்டைன், சோடியம் கோகொய்ல் ஐசெதியோனேட் போன்றவை முன்னணியில் இருந்தால் நுரையும் கிடைக்கும், தோலும் பெரும்பாலும் தாங்கும். பிஎச் ஒரு வடிகட்டி மட்டுமே. அதில் தேறியதன் மூலப்பொருட்களையும் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

மஸ்கெலியா அம்மா:

டீச்சர், என் மகனுக்கு முகம் முழுக்கப் பரு. வைத்தியர் பென்சொயில் பெரொக்சைட் உள்ள கழுவியைத் தந்து, சில நிமிடங்கள் முகத்தில் வைத்திருந்து கழுவச் சொன்னார். இங்கே எல்லோரும் சீக்கிரம் கழுவுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அவனை உடனே கழுவச் சொல்ல வேண்டுமா? பிஎச் தாளும் வாங்க வேண்டுமா?

பண்டாரவளை ஆசிரியை:

வேண்டாம் அம்மா, வைத்தியர் சொன்ன நேரத்தையே பின்பற்றுங்கள். அதில் வேலை செய்வது மருந்து, அது தோலில் தங்கினால்தான் பயன். தாளுக்கும் அவசியமில்லை. நாங்கள் பேசுவது அழுக்கை எடுக்கும் சாதாரணக் கழுவியைப் பற்றியது. மகனின் துவாயும் தலையணை உறையும் நிறம் வெளுக்கக்கூடும் என்பதால் வெள்ளைத் துணியைக் கொடுங்கள்.

இனி தங்கை கேட்ட நேரத்துக்கு வருகிறேன். நாள் முழுவதும் சன்ஸ்க்ரீனும் தூசும் படாத முகத்துக்கு 20 முதல் 30 விநாடிகள் போதும். சன்ஸ்க்ரீன் பூசியிருந்தால் மென்மையான ஜெல்லை ஒரு நிமிடம் வரை தேய்க்கலாம்; சவர்க்காரத் தன்மையுள்ளதை அவ்வாறு நீட்டக் கூடாது, ஏனெனில் தொடும் நேரம் கூடும் அளவுக்கு அது தோலுக்குள் இறங்கி வீங்கச் செய்யும். கழுவிய பின் தோல் தன் அமிலத்தன்மையைத் திரும்பப் பெறச் சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் மறுபடியும் கழுவினால் மீள இடமில்லை. நம் மலையகத்து ஓடை நீர் பெரும்பாலும் மென்னீர் என்பதால் சிறிதளவே நன்றாக நுரைக்கும். பட்டாணி அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம். சுடுதண்ணீரைக் கையில் ஊற்றிப் பார்த்து, சூடு தெரியாத இளஞ்சூட்டில் பயன்படுத்துங்கள். முகம் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் பூசுவது குளிர் காற்றில் கட்டாயம்.

நுவரெலியா வாசகி:

என் ட்யூபிலும் அதே அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன, பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் ஐந்தாவது இடத்தில். வேறு ஜெல்லுக்கு மாறி, இரவில் மட்டும் அதைப் பயன்படுத்தி, காலையில் வெறும் இளஞ்சூட்டு நீரால் கழுவுகிறேன். இரண்டு வாரங்களில் இறுக்கம் நின்றது, செதில் குறைந்தது. நெற்றியின் எண்ணெய் மட்டும் அப்படியே உள்ளது. காலையிலும் ஜெல் போட்டால் அது குறையுமா என்று யோசிக்கிறேன்.

ஹட்டன் வாசி:

என் கருத்தை நான் மாற்றவில்லை. இங்கே பனி விழும் காலையில் எனக்கு நுரையற்றதுதான் ஒத்துவருகிறது. ஆனாலும் பட்டியலைப் படித்து வாங்குவதில் நன்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பண்டாரவளை ஆசிரியை:

அண்ணனுக்கு ஒத்துவருவதை மாற்றத் தேவையில்லை. சன்ஸ்க்ரீன் பூசும் நாட்களில் அந்த நுரையற்ற கழுவியை ஈரத் துணியால் துடைத்தெடுத்தால் படலம் தங்காது. தங்கையின் நெற்றி எண்ணெய்க்குக் காலை ஜெல் உதவுமா என்பதை முகத்தில்தான் பார்க்க வேண்டும். நெற்றிக்கு மட்டும் போட்டுப் பாருங்கள், கன்னத்தை விட்டுவிடுங்கள். அதே சமயம் வேறெதையும் மாற்ற வேண்டாம். மீண்டும் செதில் வந்தால் அல்லது எரிச்சல் ஏற்பட்டால் நிறுத்திவிடுங்கள். மூக்கோரச் செதில் புருவத்துக்கும் பரவி, சிவந்து, எண்ணெய்ப் பசையோடு வந்தால் அது முகங்கழுவியின் விடயமாக இல்லாமலும் இருக்கலாம்; அப்போது தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.