‘பண்ருட்டி முந்திரி’ என்று அச்சிட்ட பொட்டலத்தை எவ்வளவு நம்பலாம்?

மஞ்சக்குப்பம் வாசகி:
தங்கையின் திருமணத் தாம்பூலப் பைகளுக்காகப் புதுச்சேரியில் ஒரு கடையில் முந்திரிப் பருப்பு விலை கேட்டேன். பொட்டலத்தில் ‘அசல் பண்ருட்டி முந்திரி’, ‘டபிள்யூ 320’, ‘இந்தியத் தயாரிப்பு’ என்ற சொற்களும், புவிசார் குறியீட்டுச் சின்னமும், புதுச்சேரிப் பொதியாளர் ஒருவரின் முகவரியும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கின்றன. இவற்றில் எது அது பண்ருட்டிப் பருப்புதான் என்பதற்குச் சான்று?

நெய்வேலிக்காரன்:
சின்னம் இருக்கிறதல்லவா, அம்மா, அதுவே போதும். பண்ருட்டி முந்திரிக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னத்தை அச்சிட்டவர் அரசிடம் அனுமதி பெற்றுத்தான் அச்சிட்டிருப்பார். பொய்யாக அச்சிட்டால் சிறைத்தண்டனை உண்டு. சின்னம் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள், அது போலி என்று துணிந்து சொல்லலாம்.

புதுவை வழக்கறிஞர்:
நண்பர் சொன்ன தண்டனை உண்மை. பொய்யான புவிசார் குறியீட்டைப் பொருளில் இடுபவருக்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால் அச்சகத்தில் ஒரு படத்தை அச்சிடுவதை எந்தச் சட்டமும் முன்கூட்டித் தடுத்து நிறுத்துவதில்லை. அதனால் சின்னத்தை முடிவாகக் கொள்ளாமல், தேடலின் தொடக்கமாகக் கொள்ளுங்கள்.

புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதற்பகுதியில் குறியீடும், அதற்காக விண்ணப்பித்த சங்கமோ அமைப்போ இடம்பெறும். இரண்டாம் பகுதியில், அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமை பெற்ற உற்பத்தியாளர்கள், அதாவது அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்கள், ஒவ்வொருவராகப் பதிவாகியிருப்பார்கள். பண்ருட்டி என்ற பெயருக்குக் குறியீடு கிடைத்துவிட்டதாலேயே பண்ருட்டியில் உள்ள ஒவ்வொரு வியாபாரிக்கும் அந்த உரிமை வந்துவிடுவதில்லை. search.ipindia.gov.in/GIRPublic என்ற பக்கத்தில் பொருளின் பெயரைக் கொடுத்துத் தேடினால் விண்ணப்ப எண், விண்ணப்பதாரர், பொருள் வகுப்பு, பதிவின் நிலை ஆகியவை கிடைக்கும். ‘பதிவு செய்யப்பட்டது’ என்ற நிலையைப் பார்த்தபின், பொட்டலத்தில் உள்ள பெயரோ அவருக்குப் பருப்பு கொடுத்தவரின் பெயரோ பயனாளர்களிடையே இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். வெங்குர்லா முந்திரிக்கும் கோவா முந்திரிக்கும் தனித்தனியே குறியீடுகள் உள்ளன. எந்த ஊர்ப் பெயரும் சொல்லாமல் ‘புவிசார் குறியீடு பெற்ற முந்திரி’ என்று மட்டும் எழுதினால் அதற்குப் பொருளே இல்லை.

வில்லியனூர்ச் செல்வி:
‘சின்னம் இல்லாவிட்டால் போலி’ என்ற சொல் எங்களைப் போன்றவர்களைச் சுடுகிறது. எங்கள் குடும்பம் வில்லியனூரில் சுடுமண் வேலை செய்கிறது. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குக் குறியீடு கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாமனார் அங்கேயே மண் பிசைந்து, அங்கேயே சூளை வைத்தவர். ஆனால் பயனாளராகப் பதிவு செய்ய எவரும் எங்களுக்கு வழி சொல்லவில்லை. கண்காட்சியில் ஒரு வாடிக்கையாளர் சின்னத்தைக் கேட்டார், இல்லை என்றதும் பொம்மையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் பொம்மை எப்படிப் போலியாகும், ஐயா?

புதுவை வழக்கறிஞர்:
ஆகாது, அம்மா. பதிவு இல்லாமையால் உங்களுக்கு இழப்பாவது சட்டப் பாதுகாப்பு. பொருளின் பிறப்பிடம் அதனால் மாறுவதில்லை. நீங்கள் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்: 2020-இல் விதிகளைத் திருத்தியபோது பயனாளர் பதிவுக் கட்டணத்தைப் பத்து ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள், அலுவலகமும் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. ஒரு குறியீட்டின் பதிவு பத்தாண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், வில்லியனூர்ப் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடம்புலியூர்க் கொட்டைப் பட்டறை:
இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொட்டலத்தில் உள்ள சொற்களில் பாதிக்கு ஊரோடு தொடர்பே இல்லை. டபிள்யூ 320 என்பது அளவு மட்டுமே. ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடையில், 300 முதல் 320 வரை முழுவெள்ளைப் பருப்புகள் நிற்கும் என்று அதற்குப் பொருள். வியட்நாமில் உடைத்த பருப்புக்கும் அதே பெயர்தான். தோல் நீக்கிய பருப்பைக் கையில் வைத்து இது எந்த ஊர் என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன். காறல் வாடை இருந்தால் பழைய சரக்கு என்று தெரியும், அவ்வளவுதான்.

இனி, எல்லாரும் தயங்கும் விஷயத்தைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயலில் எங்கள் பகுதியின் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. ஒட்டுக்கன்றுகள் இருந்தாலும் நட்ட கன்று மறுநாளே காய்ப்பதில்லை. உள்ளூர்க் கொட்டை மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் வரும். அது மட்டும் இங்குள்ள பட்டறைகளுக்கு ஆண்டு முழுதும் போதாது. எனவே ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாகக் கொட்டை வருகிறது, அதை எங்கள் பெண்கள்தான் உடைத்துத் தோல் நீக்கித் தரம் பிரிக்கிறார்கள். 80 கிலோ மூட்டைக்கு ஏறத்தாழ 20 முதல் 22 கிலோ பருப்பு கிடைக்கும் என்றால், அந்தப் பருப்பு உடையாமல் முழுதாக வருவது அவர்களின் கைத்திறன். அதைப் பண்ருட்டி முந்திரி என்று சொல்வதில் என்ன தவறு? காஞ்சிபுரம் பட்டுக்கு நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. அங்கே நெய்வதால் அது காஞ்சிபுரம் பட்டாகிறது. இங்கே உடைப்பதால் இது பண்ருட்டிப் பருப்பாகக் கூடாதா?

நெய்வேலிக்காரன்:
அப்படியானால் ஏமாற்று என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். பொட்டலத்தில் ‘இந்தியத் தயாரிப்பு’ என்று எழுதி ஆப்பிரிக்கக் கொட்டையை விற்பது எப்படி நேர்மையாகும்?

புதுவை வழக்கறிஞர்:
அந்த ஒரு சொல்லை வைத்து அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஓர் உணவுப்பொருள் இரண்டாவது நாட்டில் அதன் தன்மையே மாறும்படி பதப்படுத்தப்பட்டால், பதப்படுத்திய நாட்டையே பிறப்பிட நாடாக எழுத வேண்டும் என்பதுதான் 2020-ஆம் ஆண்டு உணவுச் சீட்டு விதி. ஆகவே ‘இந்தியத் தயாரிப்பு’ என்ற சொல் பருப்பைப் பற்றியதாக இருக்கலாம், கொட்டை விளைந்த தோப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. உணவு உரிம எண்ணும் பொதியாளர் யார் என்பதோடு நின்றுவிடும்.

பட்டறை நண்பரின் காஞ்சிபுர வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சட்டத்தின் வரையறையே விளைபொருளையும் தயாரிப்புப் பொருளையும் பிரித்துப் பார்க்கிறது. தயாரிப்புப் பொருளாக இருந்தால் உற்பத்தி, பதப்படுத்தல், ஆயத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அந்த ஊரில் நடந்தாலே போதும். பட்டு அந்த வழியில்தான் நிற்கிறது. விளைபொருளாக இருந்தால் மண்ணும் தட்பவெப்பமும் பேசும். எனவே கேள்வி, பதிவு எந்தப் பொருளுக்கு என்பதுதான். உடைக்காத கொட்டை போன்ற பதப்படுத்தாத விளைபொருள்கள் 31-ஆம் வகுப்பிலும், பதப்படுத்திய பருப்பு 29-ஆம் வகுப்பிலும் அடங்கும். வகுப்பைப் பார்த்துவிட்டு விண்ணப்ப ஆவணத்தைத் திறந்து, ‘தனித்தன்மை’ என்ற பகுதியையும் ‘தயாரிப்பு முறை’ என்ற பகுதியையும் வாசியுங்கள். செம்மண்ணையும் மரத்தையும் காரணமாகக் காட்டித் தனித்தன்மை கோரப்பட்டிருந்தால், கப்பலில் வந்த கொட்டைக்கு அங்கே இடமில்லை. உடைப்புத் திறனைக் காட்டியிருந்தால் நண்பரின் வாதம் வலுப்பெறும். எல்லை வரைபடமும் ஆவணத்தோடு இருக்கும், எந்தெந்த வட்டங்கள் அடங்கும் என்பதை அதில் பாருங்கள்.

கடம்புலியூர்க் கொட்டைப் பட்டறை:
ஆவணம் மண்ணைச் சொன்னால், உடைப்பவர்களின் உழைப்புக்கு வேறொரு பெயர் வேண்டும் என்றுதான் கேட்பேன். பண்ருட்டி என்ற பெயரை நாடறியச் செய்ததில் தோப்புக்காரர்களுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு எங்களுக்கும் உண்டு.

வில்லியனூர்ச் செல்வி:
இதில் நான் தோப்புக்காரர் பக்கம் நிற்பேன், அண்ணா. எங்கள் மண்ணை விட்டுவிட்டு வேறெங்கோ செய்த பொம்மைக்கு இங்கே வண்ணம் மட்டும் பூசி வில்லியனூர் என்று விற்றால் நான் பொறுத்துக்கொள்வேனா?

மஞ்சக்குப்பம் வாசகி:
ஆவணத்தை வாசிக்கிறேன், ஐயா. இருந்தாலும் கடைக்காரர் புதுச்சேரியில் பொதி கட்டுபவர்தானே? அவர் பெயர் பயனாளர்களிடையே இல்லையென்றால் அவர் பொய் சொல்கிறார் என்றுதானே பொருள்?

புதுவை வழக்கறிஞர்:
அவசரப்பட வேண்டாம், அம்மா. சட்டத்தின் 22-ஆம் பிரிவு நான்காம் உட்பிரிவு, பதிவு பெற்ற பொருளை முறையாக வாங்கிய ஒருவர் அதை மேலும் பதப்படுத்துவதையோ பொதி கட்டுவதையோ மீறலாகக் கருதுவதில்லை. பொருளின் நிலையைக் கெடுத்திருந்தால் மட்டுமே அது மீறலாகும். எனவே உங்கள் கடைக்காரர் பட்டியலில் இல்லாமலேயே நேர்மையாளராக இருக்கலாம். அப்படியானால் அவரிடம் கேட்க வேண்டியது கொள்முதல் ரசீது: யாரிடம் வாங்கினீர்கள், அவர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா, இந்தத் தொகுதி எண் எந்த ரசீதைச் சேர்ந்தது என்ற மூன்றையும் கேளுங்கள். பெயரைச் சொல்லத் தயங்கினால் ‘அசல்’ என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை தராதீர்கள், வெறும் முந்திரிப் பருப்பின் விலைக்கு வாங்குங்கள்.

கடம்புலியூர்க் கொட்டைப் பட்டறை:
ரசீதைக் கேட்பது சரிதான். ஆனால் ரசீதும் எல்லாவற்றையும் சொல்லாது. உலர்த்திய கொட்டை மூட்டையில் மாதக்கணக்கில் கெடாது. உள்ளூர்க் கொட்டையும் இறக்குமதிக் கொட்டையும் ஒரே பட்டறையில் அடுத்தடுத்து உடைபடும், உடைத்த பின் தரம் பிரிக்கும்போது ஒரே தட்டில் விழும். தனித்தனியே வைக்க வேண்டுமென்றால் கொட்டை வாங்கிய நாளிலிருந்தே தனி மூட்டை, தனி உலர்களம், தனிப் பேரேடு வேண்டும். என் பட்டறையில் உள்ளூர்க் கொட்டைக்கு அப்படி வைத்திருக்கிறேன், அதற்குத் தனி விலையும் கேட்கிறேன். எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

நெய்வேலிக்காரன்:
பாதி உள்ளூர், பாதி வெளியூர் கலந்த பொட்டலத்தைச் சட்டம் என்ன செய்யும்?

புதுவை வழக்கறிஞர்:
பதிவு விளைபொருளுக்கென்றால், கலப்புக்கு அந்தப் பெயரை இடும் உரிமை எவருக்கும் இல்லை என்பது என் கருத்து. அதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க இவர் சொன்ன பேரேடுதான் வேண்டும், அந்தப் பேரேடோ விற்பவர் கையில் இருக்கிறது. விண்ணப்ப ஆவணத்தில் ஆய்வு அமைப்பு என்ற பகுதியைப் பாருங்கள். பட்டறைகளின் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும். அந்த அமைப்பிடம் ஒரு நுகர்வோர் எழுத்தில் கேட்டால் என்ன பதில் வருகிறது என்று நானும் அறிய விரும்புகிறேன்.

மஞ்சக்குப்பம் வாசகி:
தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டேன். திங்கட்கிழமை கடைக்காரரிடம் ரசீதைக் கேட்டுவிட்டு, ஆய்வு அமைப்புக்கும் கடிதம் எழுதுகிறேன். பதில் வந்தால் இங்கேயே இடுகிறேன். பட்டறை அண்ணா, தனிப் பேரேடு வைத்த உள்ளூர்ப் பருப்பில் பத்துக் கிலோவுக்கு விலை என்ன என்று சொல்லுங்கள்.