180 நாள் தாண்டிய வருமதிகளை ஒரே ஜேர்னலில் பதிவழிக்கலாமா?

புறக்கோட்டைக் கணக்கு
பழைய சோனகத் தெருவில் இரும்புப் பொருள் மொத்த விற்பனை நிறுவனமொன்றில் கணக்குப் பார்க்கிறேன், ERPNext பயன்படுத்துகிறோம். மார்ச் 31 இல் ஆண்டு முடிகிறது. வயது அறிக்கையில் 180 நாளைத் தாண்டி நிற்கும் நிலுவைகள் எல்லாவற்றையும் ஒரே ஜேர்னலில் பதிவழித்துவிடுமாறு முதலாளி சொல்கிறார். செய்யலாமா?

ஐந்தொகை
தாராளமாகச் செய்யலாம். ஆறு மாதமாகக் காசு கொடுக்காதவர் இனிக் கொடுக்கப் போவதில்லை. அந்தத் தொகையைச் சொத்தாகக் காட்டிக்கொண்டிருப்பதுதான் தவறு. ஜேர்னலை விடக் கிரெடிட் நோட் போடுவது மேலானது, ஏனெனில் அப்போது நீங்கள் ஏற்கெனவே செலுத்திய 18 வீத வற் வரியும் குறைந்துவிடும்.

பேரேடு
ஐந்தொகை சொல்வதன் முதற்பாதி சரி: வராத பணத்தைச் சொத்தாகக் காட்டக் கூடாது. ஆனால் அதற்கு ஐயக்கடன் ஏற்பாடு இருக்கிறது. பதிவழித்தல் அதற்கு அடுத்த படி. கிரெடிட் நோட் யோசனையோ ஆபத்தானது. பொருள் திரும்பி வரும்போதும் விலை குறைக்கப்படும்போதும் போட வேண்டிய ஆவணம் அது. வாங்கியவர் பணம் தரவில்லை என்பதற்காக அதைப் போட்டால், நடந்த விற்பனை நடக்காததாகிவிடும், வற் வரியும் குறைத்துக் காட்டப்பட்டதாகிவிடும். வரியில் நிவாரணம் கேட்க வழி உண்டா என்பதை வரி ஆலோசகரிடம் தனியே கேளுங்கள். கிரெடிட் நோட் அதற்குரிய குறுக்குவழி அல்ல.

என் கவலை வேறு. அந்த அறிக்கை காட்டும் வயது உண்மையான வயதுதானா? புறக்கோட்டை வியாபாரம் பிற்திகதியிட்ட காசோலையில் ஓடுகிறது. காசோலை திரும்பினால் நீங்கள் என்ன பதிவு போடுகிறீர்கள்?

புறக்கோட்டைக் கணக்கு
காசோலை கைக்கு வந்ததும் பெறுவனவாகப் பதிவோம். திரும்பினால், வாடிக்கையாளரை வரவு வைத்து, வங்கியைச் செலவு வைத்து, அன்றைய திகதியில் ஒரு ஜேர்னல் போடுவோம்.

பேரேடு
அந்த ஜேர்னலை எந்த இன்வொய்ஸோடும் இணைக்காவிட்டால் பிழை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். குருநாகல் கடைக்காரர் ஒருவருக்கு ஜூன் 5 இல் 5,90,000 ரூபாய்க்கு இன்வொய்ஸ், 60 நாள் தவணை, ஆகவே கொடுக்க வேண்டிய நாள் ஆகஸ்ட் 4. அந்தத் திகதியிட்ட காசோலையை ஜூன் மாதமே பெற்றுப் பதிந்துவிட்டீர்கள். அன்றே இன்வொய்ஸ் அடைபட்டதாகிவிட்டது. ஆகஸ்ட் 7 இல் காசோலை திரும்புகிறது, புதிய ஜேர்னல். ஒக்டோபரில் மாற்றுக் காசோலை வாங்கி அந்த ஜேர்னலுக்கு எதிராகப் பதிகிறீர்கள். அதுவும் நவம்பர் 3 இல் திரும்புகிறது, இன்னொரு ஜேர்னல்.

மார்ச் 31 இல் இந்தக் கடனின் உண்மையான வயது, தவணைத் திகதியிலிருந்து 239 நாட்கள். அறிக்கையோ கடைசி ஜேர்னலிலிருந்து எண்ணி 148 நாட்கள் என்று காட்டும். இரண்டு முறை காசோலை திரும்பியவர் முதலாளியின் 180 நாள் வலையில் விழாமல் தப்பிவிடுவார். நினைவூட்டல் கடிதமும் அவருக்குப் போயிருக்காது, ஏனெனில் `Dunning` தவணை கடந்த இன்வொய்ஸ்களைத்தான் பார்க்கும். அவருடைய இன்வொய்ஸ் அடைபட்டதாக நிற்கிறது, நிலுவை ஜேர்னலில் கிடக்கிறது.

தென்மாகாண விற்பனை
நினைவூட்டல் என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. மாத்தறையில் எங்களோடு பல வருடமாக வியாபாரம் செய்யும் ஒரு நல்ல மனிதர் காசை வங்கியில் நேரே வைப்பிலிட்டிருந்தார். அவருக்கு மூன்றாவது கடிதம், "சட்ட நடவடிக்கை" என்ற சொல்லோடு போயிற்று. அடுத்த கட்டளையை வேறிடத்தில் கொடுத்துவிட்டார். தானியங்கி நினைவூட்டலை நிறுத்துங்கள். விற்பனைப் பிரதிநிதியே பேசிக்கொள்ளட்டும்.

பேரேடு
கேள்வி பதிவழிப்பைப் பற்றியது. ஆனாலும் உங்கள் மாத்தறைக்காரர் இங்கு பொருந்துகிறார். அவருடைய வைப்பு எந்த இன்வொய்ஸுக்கு என்று ஒதுக்கப்படாமல் கணக்கில் மிதந்துகொண்டிருந்திருக்கும். அறிக்கையில் ஒரு வரியில் 4,50,000 நிலுவை 200 நாளைத் தாண்டி நிற்கும், இன்னொரு வரியில் அதே தொகை கழித்தல் குறியோடு நிற்கும். முதலாளி சொல்லும் ஜேர்னல் முதல் வரியைப் பதிவழிக்கும். விளைவு, கைக்கு வந்துவிட்ட பணத்தை நட்டமாக எழுதியிருப்பீர்கள். போதாக்குறைக்கு, அவருக்கு நீங்கள் 4,50,000 கொடுக்க வேண்டியதாக ஏடு காட்டும்.

ஆகவே முதலில் கழித்தல் வரிகளை `Payment Reconciliation` திரையில் உரிய இன்வொய்ஸ்களோடு பொருத்துங்கள். திரும்பிய காசோலைக்கு, பழைய பெறுவனவை இன்வொய்ஸிலிருந்து பிரித்துவிட்டு, அந்தப் பெறுவனவையும் திரும்பிய ஜேர்னலையும் ஒன்றோடொன்று பொருத்துங்கள். இன்வொய்ஸ் தன் பழைய தவணைத் திகதியோடு மீண்டும் திறக்கும். இரண்டையும் முடித்த பிறகு அறிக்கையைத் தவணைத் திகதிப்படி எடுங்கள். பெயர்ப் பட்டியலே மாறியிருக்கும்.

ஐந்தொகை
கிரெடிட் நோட் விடயத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் நாளாந்தம் கட்டுக்கட்டாகக் காசோலை வரும் இடத்தில் இப்படிப் பிரித்துப் பொருத்திக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? கைக்கு வந்ததும் பதியாவிட்டால் காசோலை தொலைந்தாலும் தெரியாது.

பேரேடு
பதியத்தான் வேண்டும், வாடிக்கையாளர் கணக்கில் அல்ல. கைவசக் காசோலைகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து, வங்கியில் இடும் நாளில் மட்டும் பெறுவனவு போட்டால் பாதி வேலை குறையும். சில நிறுவனங்கள் இதை விரும்புவதில்லை, ஏனெனில் மாத இறுதியில் நிலுவை பெரிதாகத் தெரியும். உள்ளது உள்ளபடி தெரிவதுதான் அது.

இதற்குப் பிறகும் உண்மையாகவே வராது என்று நிற்பவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பதிவழியுங்கள். ஏற்பாடு வைத்திருந்தால் அதற்கு எதிராக. ஜேர்னலின் வாடிக்கையாளர் வரியில் இன்வொய்ஸ் எண்ணைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். குறிப்பிடாவிட்டால் இன்வொய்ஸ் திறந்தபடியே இருக்கும், நினைவூட்டலும் போய்க்கொண்டிருக்கும். வருமான வரியில் கழிக்கவும், அறவிட நியாயமான முயற்சி எடுத்தோம் என்று காட்ட வேண்டியிருக்கும்; 180 நாள் என்ற எண் மட்டும் அதற்குப் போதாது, கடிதங்களும் அழைப்புக் குறிப்புகளும் வேண்டும்.

பலர் மறப்பது ஒன்று: பதிவழித்ததும் வாடிக்கையாளரின் நிலுவை பூச்சியமாகி, அவருடைய கடன் எல்லை முழுவதும் மீண்டும் திறந்துவிடும். எல்லையைப் பூச்சியமாக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ERPNext இல் பூச்சியம் என்றால் அந்த வாடிக்கையாளருக்கென்று எல்லை வைக்கப்படவில்லை என்றே பொருள். `Is Frozen` அடையாளத்தை இடுங்கள்.

வழக்குக் கோப்பு
சட்டத்தரணி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன், ஆகவே ஒன்றைச் சேர்க்கிறேன். 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, விற்றுக் கொடுத்த பொருளுக்கான ஏட்டுக் கடனுக்குத் தவணை கடந்த ஒரு வருடத்துக்குள் வழக்கிட வேண்டும். நீங்கள் அனுப்பும் நினைவூட்டல் அந்தக் காலத்தை நிறுத்தாது. கடன்பட்டவர் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால் பயன் உண்டு. குருநாகல் கடைக்காரருக்கு 239 நாள் என்றால் மிச்சம் நான்கு மாதம். 148 என்று நம்பியிருந்தால் ஏழு மாதம் இருப்பதாக எண்ணி இருந்துவிடுவீர்கள். காசோலையின் பேரில் வழக்கிடுவது வேறு கணக்கு. மூலக் காசோலையையும் வங்கியின் திருப்பற் சீட்டையும் எறியாமல் வைத்துச் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

தென்மாகாண விற்பனை
நிலுவை உறுதிக் கடிதத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னால், கொடுக்க நினைத்தவரும் முகம் சுளிப்பார். அதைக் கொண்டுபோய் நீட்டப் போவது கணக்குப் பிரிவு அல்ல, நாங்கள்தான்.

புறக்கோட்டைக் கணக்கு
நேற்று மாலை மிதக்கும் பெறுவனவுகளை மட்டும் பொருத்திப் பார்த்தேன். 180 நாள் பட்டியலில் மேலே நின்ற பெயர்களில் இரண்டு காணாமல் போய்விட்டன. திரும்பிய காசோலைகளில் இன்னும் கை வைக்கவில்லை. கடந்த ஆண்டின் பதிவுகள் பூட்டப்பட்டுவிட்டதால், அந்த ஆண்டுப் பெறுவனவைப் பிரிக்கக் கணக்காய்வாளர் சம்மதிப்பாரா என்று கேட்டிருக்கிறேன்.