ஜெர்மனி வேலைக்கு மார்க்ஷீட்: எதை மாற்றணும், எதைத் தொடக்கூடாது?

ஸ்டுட்கார்ட்_புதுசு: பி.இ. மெக்கானிக்கல், சி.ஜி.பி.ஏ. 8.2, ஒரு அரியர் வைத்து எழுதி முடித்தது. சான்றிதழ் எல்லாம் ஆங்கிலத்தில்தான். கம்பெனி ஜெர்மன் மொழிபெயர்ப்பு கேட்கிறது. நானே செய்யலாமா?

கரூர்_கண்ணன்: ஜெர்மன் தெரிந்தால் நீங்களே பண்ணி கையெழுத்துப் போடுங்க, போதும்.

வள்ளி_மொழிபெயர்ப்பு: கண்ணன் சொன்னது பாதி சரி. ஆங்கில மூலமே பல தனியார் கம்பெனிகளுக்குப் போதும், அதனால் முதலில் எச்.ஆரிடம் கேளுங்க. "பெக்லௌபிக்ட்", அதாவது சான்றளித்த மொழிபெயர்ப்பு, என்று கேட்டிருந்தால் மட்டும் கோர்ட்டில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் வேணும். justiz-dolmetscher.de தளத்தில் மொழி, ஊர் போட்டுத் தேடலாம். பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் எடுங்க. கிரேடு விளக்கம் அங்கேதான் இருக்கும், அதை விட்டால் 8.2 எதற்கு எத்தனை என்று படிக்கிறவருக்குப் புரியாது.

பட்டத்தின் பெயர் "Bachelor of Engineering" என்று அப்படியே நிற்கணும். பக்கத்தில் விளக்கம் வரலாம். அதை "டிப்ளோம் இன்ஜெனியர்" ஆக்கிவிடாதீங்க, அது வேறு பட்டம். "இன்ஜெனியர்" என்ற பெயரும் மாநிலச் சட்டத்தால் காக்கப்பட்டது.

அரியரை அகராதி பார்த்து "ரூக்ஸ்டாண்ட்" என்று போட்டால் ஏதோ பாக்கி நிற்கிற மாதிரி படிக்கும். மறுதேர்வு எழுதிப் பாஸ் செய்ததற்கு "வீடர்ஹோலுங்ஸ்ப்ரூஃபுங்" என்பதே சரி. மார்க்ஷீட்டில் அரியர் பற்றி எதுவும் இல்லையென்றால் நாமாகச் சேர்க்க வேண்டாம்.

ஸ்டுட்கார்ட்_புதுசு: 8.2-ஐ ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றித் தருவாங்களா?

வள்ளி_மொழிபெயர்ப்பு: மாட்டாங்க, மாற்றவும் கூடாது. மொழிபெயர்ப்பில் 8.2 அப்படியே இருக்கும். கணக்கை ரெஸ்யூமேயில் "என் கணக்குப்படி" என்று தனியே எழுதுங்க. அங்கே 1 தான் உச்சம், 4 கடைசி பாஸ். வழக்கமான சூத்திரம்:

```
1 + 3 × (10 − 8.2) / (10 − 5) = 2.08
```

சேலம்_ஆய்வாளர்: அந்த 5 எங்கிருந்து வந்தது? பாஸ் கிரேடு 6 என்று இருக்கும் ரெகுலேஷனும் உண்டு. 6 போட்டால் 2.35.

வள்ளி_மொழிபெயர்ப்பு: உண்மைதான். உங்கள் மார்க்ஷீட் பின்பக்கம் சொல்வதையே எடுங்க. அங்கே இல்லையென்றால் எண்ணைப் போடாமல் விடுவதே மேல். கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாதிரிப் பார்க்கிறாங்க.

டொராண்டோ_ராணி: என் காலேஜ் சீல் போட்ட கவரில் டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பணும் என்றாங்க, மூன்று மாசமாக் காத்திருக்கேன். இதுக்கும் அப்படியா?

சேலம்_ஆய்வாளர்: அது கனடா மதிப்பீடு, இவருக்கு வேண்டாம். ஜெர்மன் கம்பெனி சந்தேகப்பட்டால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கான ஜெர்மனியின் "அனபின்" பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகம் H+, அதாவது அங்கீகாரம் உள்ளது, என்று இருப்பதைக் காட்டும் பக்கத்தை அச்செடுத்து இணையுங்க. H+/- என்றால் பட்டத்தையும் தனியாகத் தேடிப் பார்க்கணும்.

ஸ்டுட்கார்ட்_புதுசு: பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இதை மொழிபெயர்ப்பில் சரி பண்ணலாமா?

வள்ளி_மொழிபெயர்ப்பு: மூலத்தில் உள்ளதுதான் வரும். பாஸ்போர்ட் நகலையும் கொடுங்க, இரண்டு எழுத்துமுறையையும் குறிப்பாகச் சேர்க்க மொழிபெயர்ப்பாளர் சம்மதிக்கிறாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்க.