மலமிளக்கிக்கு எதிர்ச்சொல் என்ன?

மன்னார்குடி, மருந்துக்கடைக்காரர்:

நண்பர்களே, மாத்திரை உறையோடு கொடுக்க ஒரு துண்டுத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். மலச்சிக்கலை உண்டாக்கும் மருந்துகளுக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. "மலச்சிக்கல் மருந்து" என்று எழுதியிருந்தேன். கடைப்பையன் பார்த்துவிட்டு, "அண்ணே, இது மலச்சிக்கலுக்குத் தர்ற மருந்தா?" என்றான். அவன் கேட்டது சரிதான். இருமல் மருந்து என்றால் இருமலைத் தீர்ப்பது. மலமிளக்கி இருக்கிறதே, அதற்கு எதிராக "மலமிறுக்கி" என்று வைக்கலாமா?

போன வாரம் நடந்ததுதான் இதற்குக் காரணம். 60 வயதைத் தாண்டிய ஓர் அம்மா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டிருந்தார். 325 மி.கி. பாரசிட்டமாலும் 37.5 மி.கி. டிரமடாலும் சேர்ந்த மாத்திரையை மருத்துவர் நாளுக்கு 3 வேளை எழுதியிருந்தார். நாலாம் நாள் மகன் வந்தார். "அம்மா வெளிக்கிப் போகவே இல்லை, இரும்பு மாத்திரையை நிறுத்திட்டோம்" என்றார். அந்த அம்மா இரும்பு மாத்திரையை 2 மாதமாகச் சாப்பிடுகிறார், ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. புதிதாக வந்தது வலி மாத்திரை. போதாததற்கு மலம் இளக என்று இசப்கோலை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, வயிறு இன்னும் உப்பியிருக்கிறது.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மலமிறுக்கி, புணர்ச்சியில் பிழையில்லை. ஆனால் நம் பக்கம் "மலம் கட்டிப்போச்சு" என்றுதானே சொல்கிறோம்? "மலங்கட்டி" என்று வைத்தால் பாட்டிக்கும் புரியும். வலி மாத்திரை எல்லாமே குடலைக் கட்டுபவைதான், ஆகவே பொருளும் பொருந்தும்.

தஞ்சாவூர், மருத்துவர்:

ஐயா, "எல்லாமே" என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. தனிப் பாரசிட்டமாலால் இந்தத் தொல்லை அரிது. இங்கே குற்றவாளி டிரமடால். கோடீன், மார்பின் எல்லாம் அதே அபினி வகை. வலியை அடக்க மூளையில் ஒட்டும் அதே ஏற்பிகள் குடல் சுவரிலும் இருக்கின்றன. மருந்து அங்கேயும் ஒட்டும்போது குடல் தள்ளுவது குறைகிறது. உள்ளிருப்பது நெடுநேரம் கிடப்பதால் அதிலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. ஆசனவாய்த் தசையும் எளிதில் தளர்வதில்லை. பேதியை நிறுத்தக் கொடுக்கும் லோப்பரமைடு இந்தக் குணத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது.

ஆகவே இறுக்கம் பின்விளைவு, அடிப்படைக் காரணம் குடலின் மந்தம். நகராத குடலுக்குள் தண்ணீர் குறைவாக இசப்கோலைத் திணித்தால் வயிறு உப்பத்தான் செய்யும். இன்னொன்று: டிரமடால் தரும் மயக்கமும் குமட்டலும் சில நாளில் பழகிவிடும். மலக்கட்டு பழகாது, மாத்திரை உள்ளவரை இருக்கும். அதனால் தொடர்ந்து கொடுக்க வேண்டியவருக்கு முதல் நாளிலிருந்தே குடலைத் தூண்டும் மலமிளக்கியையும் சேர்த்து எழுதுவோம்.

சொல் வேண்டுமென்றால், "குடல்மந்தி"?

கும்பகோணம், தமிழாசிரியர்:

மந்தி என்றால் பெண் குரங்கு, டாக்டர். துண்டுத்தாளைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

திருவாரூர், இல்லத்தரசி:

எனக்கும் இரும்பு மாத்திரைதான். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் 60 மி.கி. சிவப்பு மாத்திரை. போட ஆரம்பித்ததிலிருந்து கருப்பாகவே போகிறது, ஆனால் தினமும் போகிறது. இதுவும் மலமிறுக்கியா? மாமியார் கடுக்காய் போடச் சொல்கிறார், போடலாமா?

தஞ்சாவூர், மருத்துவர்:

கடுக்காய் வேண்டாம் அம்மா, இப்போது எந்த மலமிளக்கியும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கருப்பு நிறம் உடம்பு உறிஞ்சாத இரும்பு, அதனால் பயமில்லை. தார் மாதிரி ஒட்டி, கெட்ட நாற்றத்தோடு போனாலோ தலை சுற்றினாலோ உடனே காட்டுங்கள், அது ரத்தமாக இருக்கலாம். சிலருக்கு இரும்பால் மலம் கட்டுவதும் உண்டு, அளவு கூடினால் தொல்லையும் கூடும். அப்போதும் நீங்களாக நிறுத்தக் கூடாது, அளவையோ வகையையோ மாற்றலாம்.

பாருங்கள், இவருக்கு வந்த குழப்பமே ஒரே சொல் போதாது என்று காட்டுகிறது. இரும்பும் டிரமடாலும் ஒரே வழியில் கட்டுவதில்லை.

மன்னார்குடி, மருந்துக்கடைக்காரர்:

இடுப்பில் அடிபட்ட அந்த அம்மாவை அன்றே அவருடைய மருத்துவரிடம் அனுப்பிவிட்டேன். வாந்தி உண்டா, காற்று பிரிகிறதா என்று கேட்டாராம், வயிற்றை அழுத்திப் பார்த்தாராம். அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகு டிரமடால் கலவையை நிறுத்தித் தனிப் பாரசிட்டமால் கொடுத்திருக்கிறார். இரவுக்கு பிசாகோடில் என்ற மலமிளக்கி. மறுநாள் காலையில் வழி திறந்தது. இரும்பு மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று.

காரணம் இரண்டு என்பது சரிதான் டாக்டர். ஆனால் மாத்திரை வாங்குபவர் காரணத்தையா கேட்கிறார்? அச்சகத்தில் நாளைக்குக் கேட்கிறார்கள். தாளில் "இந்த மாத்திரையால் மலம் கட்டலாம். 3 நாள் போகாவிட்டால் சொல்லுங்கள். வாந்தியோ வயிற்று உப்பலோ சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம்" என்று போட்டுவிடுகிறேன். தலைப்பு இடம் காலியாக இருக்கிறது. எனக்கு இன்னும் மலமிறுக்கிதான்.

கும்பகோணம், தமிழாசிரியர்:

மலங்கட்டியை நான் விடவில்லை.