கடன் 'தள்ளுபடி'யா, 'விடுதலை'யா? தீர்வில் மிஞ்சும் தொகைக்கு ஒரு சொல் தேவை

செல்லூர் கணக்கர்:
வணக்கம். இங்கே ஒரு துண்டுத் தறிக்காரருக்குக் கணக்கு எழுதுகிறேன். வங்கிக்கு அசல் 18 லட்சம், வட்டி 4 லட்சம், ஆக 22 லட்சம் நின்றது. ஒருமுறைத் தீர்வில் 15 லட்சம் கட்டினால் போதும் என்று மார்ச் மாதம் கடிதம் கொடுத்தார்கள். முதலில் 3 லட்சம், அப்புறம் நாலு நாலு லட்சமாக மூன்று தவணை. மிச்சம் 7 லட்சத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். இதற்குத் தமிழில் பேரேட்டுத் தலைப்பு என்ன வைக்கலாம்? 'தள்ளுபடி வருமானம்' என்று எழுதினால் முதலாளி, "நான் என்ன ஆடித் தள்ளுபடியா போட்டேன்?" என்கிறார்.

உசிலம்பட்டி:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். 2021இல் கூட்டுறவுச் சங்கத்தில் ஐந்து பவுனுக்குள் இருந்த நகைக்கடனைத் தள்ளுபடி செய்தார்களே, நகை திரும்பி வந்துவிட்டது. 'தள்ளுபடி' எல்லாருக்கும் தெரிந்த சொல், அதை ஏன் மாற்ற வேண்டும்?

திருமங்கலம் தணிக்கை:
உங்கள் கதை வேறு அண்ணே. அங்கே உங்கள் கடனை அரசு ஏற்றுக்கொண்டது, சங்கம் தன் பணத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே கடன் கொடுத்தவரே விடுகிறார். 'தள்ளுபடி'யில் எனக்குள்ள சங்கடம் இன்னொன்று. வங்கி ஒரு கடனைத் தன் ஏட்டிலிருந்து எடுத்துவிட்டால் அதையும் செய்தித்தாள் 'தள்ளுபடி' என்றுதான் போடுகிறது. அது வங்கியின் உள்கணக்கு மட்டும். வாங்கியவர் பொறுப்பு ஒரு பைசாகூடக் குறையாது, வசூலுக்கு ஆள் வரும். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கடன் தீர்ந்தது என்று வரவு வைத்தவரைப் பார்த்திருக்கிறேன்.

பத்திரப் பதிவில் பங்கை விட்டுக்கொடுத்தால் 'விடுதலைப் பத்திரம்' என்கிறோம் அல்லவா, அதே வழியில் 'கடன் விடுதலை ஆதாயம்' என்று வைக்கலாம். பொறுப்பிலிருந்து ஆள் விடுபட்ட பிறகுதான் ஆதாயம் என்பது பெயரிலேயே இருக்கும்.

கே.கே. நகர்:
சொல் நல்லாயிருக்கு. ஆனால் 7 லட்சத்தை வருமானமாகவே காட்ட வேண்டாம், நேராக மூலதனத்தில் சேர்த்துவிடலாம். மகிந்திரா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றமே வரி கிடையாது என்று சொல்லிவிட்டது.

திருமங்கலம் தணிக்கை:
சார், பாதி சரி. மூலதனம் என்றால் முதலாளி கொண்டுவந்து போட்ட பணம், இது அப்படி வந்ததில்லை. லாப நட்டக் கணக்கில் தனி இனமாகக் காட்ட வேண்டும். வரி வருமா என்பது அதற்கப்புறம் வரும் கேள்வி. அந்தத் தீர்ப்பு வந்தபோது 1961 வருமான வரிச் சட்டத்தில் 28ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, பணமாக வராத பயனைப் பற்றித்தான் பேசியது. 2023 நிதிச் சட்டம் அதில் பணத்தையும் சேர்த்துவிட்டது. ஆகவே பழைய தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு தூங்க முடியாது. வட்டி 4 லட்சம் இன்னொரு சிக்கல்: வங்கிக்குக் கட்டாத வட்டியை அதே சட்டத்தின் 43பி பிரிவு செலவாக ஏற்காது. ஏற்காத செலவு திரும்பி வந்தால் அதை எப்படி வருமானம் என்பது? 2023 திருத்தத்துக்குப் பிறகு அசல், வட்டி இரண்டிலும் இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது.

செல்லூர்க்காரருக்கு: கடிதம் வந்த மார்ச்சிலேயே ஆதாயம் எடுத்துவிடவில்லையே? கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படியுங்கள்.

செல்லூர் கணக்கர்:
படித்தேன், வயிற்றைக் கலக்குகிறது. "தவணை ஒன்று தவறினாலும் சலுகை ரத்து, முழு நிலுவையும் கேட்கப்படும்" என்று இருக்கிறது. நான் மார்ச் 31க்கே 7 லட்சத்தை வரவு வைத்துவிட்டேன்!

திருமங்கலம் தணிக்கை:
அதைத் திருப்பிவிடுங்கள். கட்டக் கட்ட அசலில் பற்று வைத்து வாருங்கள். 15 லட்சமும் போனபின் அசலில் 3 லட்சமும் தர வேண்டிய வட்டியில் 4 லட்சமும் நிற்கும். கடைசித் தவணை போய், நிலுவையில்லாச் சான்று கைக்கு வந்ததும் இந்த ஒரே பதிவு:

```
கடன் கணக்கு              ப  3,00,000
தர வேண்டிய வட்டி          ப  4,00,000
  கடன் விடுதலை ஆதாயம்    வ  7,00,000
```

இரண்டு பேரேடும் சுழியாக வேண்டும். அசலை மட்டும் முடித்துவிட்டு வட்டியை மறந்தால், அடுத்த ஆண்டும் இருப்புநிலைக் குறிப்பில் 4 லட்சம் பொறுப்பாக நிற்கும்.

மேலூர்:
'ஆதாயம்' என்று போட்டால் பத்து வருடம் நொடித்துப்போன மனிதருக்குச் சிரிப்புதான் வரும். எங்கள் ஊரில் 'கடன் பைசல்' என்றால் எல்லாருக்கும் புரியும். 'பைசல் மிச்சம்' என்று வையுங்களேன்?

திருமங்கலம் தணிக்கை:
அக்கா, முழுப் பணத்தையும் கட்டி முடித்தாலும் 'பைசல்'தானே. விட்டுக்கொடுத்தது அதில் தெரியவில்லை.

மேலூர்:
'விடுதலை'யிலும் எவ்வளவு என்று தெரியவில்லை தம்பி.

செல்லூர் கணக்கர்:
இப்போதைக்கு 'கடன் விடுதலை ஆதாயம்' என்று பேரேடு திறந்து வைக்கிறேன், இரண்டு தவணை பாக்கி. அப்புறம் இன்னொன்று: முதலாளி வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்திருக்கிறார், தறிக்கூடத்தின் அடமானம் அதில் நிற்கிறது. நிலுவையில்லாச் சான்று வந்ததும் அது தானாகப் போய்விடுமா?

திருமங்கலம் தணிக்கை:
போகாது. வங்கியிடம் ரசீது ஆவணம் வாங்கிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். கடைசித் தவணை கட்டும் நாளிலேயே மூலப்பத்திரத்தோடு அதையும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.