பீல் செய்த நாலாம் நாள், உரிகிற தோலைப் பிய்த்துவிட்டேன்

பருத் தழும்புக்காகப் போன சனிக்கிழமை முகத்தில் 35 சதவீத கிளைகாலிக் பீல், அதாவது ஆசிட் தடவி மேல்தோலை உரிக்கிற சிகிச்சை, செய்துகொண்டேன். முதல் இரண்டு நாள் லேசான சிவப்பும் தோல் இழுக்கிற உணர்வும்தான், மூன்றாம் நாள் வாயோரம் வெங்காயச் சருகு மாதிரி எழும்ப ஆரம்பித்தது. பிய்க்காதீர்கள், தானாக உதிரட்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். நேற்று போன் பார்த்துக்கொண்டே இருந்தபோது கை தானாகப் போய்விட்டது. இப்போது அங்கே மிளகளவுக்கு ஈரமாக ஒரு இளஞ்சிவப்புப் புள்ளி, தண்ணீர் பட்டாலே எரிகிறது. மாநிறத் தோலில் இப்படிப் புண்ணான இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும் என்பதுதான் என் பயம்.

சோப்பில்லாத கிளென்சர், புள்ளியின் மேல் வாசலின், மற்ற இடத்தில் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்பிஎஃப் 50, இவ்வளவுதான் போடுகிறேன். ரெட்டினால், ஸ்க்ரப், த்ரெடிங், ஆவி பிடிப்பது, வியர்க்கிற ஜிம் எல்லாம் நிறுத்தியாச்சு. அம்மா கடலைமாவில் மஞ்சள் குழைத்து வைத்திருந்தார், தேய்த்தால் இன்னும் உரியும் என்று சொல்லி அரை மணி நேரம் சண்டை.

சரி, கேள்விக்கு வருகிறேன். திங்கள் முதல் பைக்கில் அலுவலகம் போக வேண்டும். ஆறாத புள்ளியின் மேலேயே சன்ஸ்கிரீன் போடலாமா, இல்லை துணியால் மறைத்துக்கொள்வதா? துணி உரசுமே. ரெட்டினாலை மறுபடி எப்போது தொட்டீர்கள்? சீழோ கொப்புளமோ வந்தால், சிவப்பு பரவினால், அன்றே டாக்டரிடம் ஓடிவிடுவேன். இப்படிப் பிய்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கறை விழுந்ததா?